செம்மண், கிரஷர் தூள், கொஞ்சம் சிமெண்ட்: ஒரு மண் பிளாக் புராஜெக்ட்டின் பதிவு

கடைசி வருட சிவில் மாணவர்கள் குறைந்த செலவு வீட்டுக்கு புராஜெக்ட் தேடி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும்போது, பெரும்பாலும் ஒரு தலைப்பைக் கையோடு கொண்டுவருவார்கள். மண், ஃபிளை ஆஷ், தென்னை நார், உமிச் சாம்பல் எல்லாம் ஒரே கல்லுக்குள் இருக்கும். அப்படி ஐந்து பொருளைக் கலந்து கல் செய்து உடைத்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் எதனால் வந்தது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. அதனால் நான் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். இந்தக் குழு எடுத்துக்கொண்டது இது: திண்டிவனம் பக்கத்துச் செம்மண்ணில் களி அதிகம், அதில் குவாரியில் கல் உடைக்கும்போது விழும் கிரஷர் தூளைச் சேர்த்துக் களியைக் குறைத்தால், சிமெண்டைக் கூட்டாமலே கல்லின் வலிமை எவ்வளவு ஏறும்?

இந்தக் கேள்வியில் எனக்குப் பிடித்தது, இதற்கு வேண்டிய எல்லாமே பக்கத்தில் கிடைக்கிறது என்பதுதான். கிணறு தோண்டிய இடத்தில் செம்மண் குவிந்திருக்கிறது. கல் குவாரிகள் அருகிலேயே இருக்கின்றன. மண்ணை அமுக்கிக் கல்லாக்கும் கைப் பிரஸ்ஸுக்கு ஆரோவில் பக்கம்தான். அங்கே 1989இல் தொடங்கிக் கட்டிய பார்வையாளர் மையமே இப்படிப்பட்ட அமுக்கிய மண் பிளாக்கில் எழுந்த கட்டடம். மாணவர்களை முதலில் அங்கே அனுப்பி, வெளிச்சுவரைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன். பூசாத சுவரில் விளிம்பு எப்படி நிற்கிறது, மழை படும் இடத்தில் கூரை எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால் பிறகு நிறைய விளக்க வேண்டியிருக்காது.

மண் எடுக்கும்போது மேல்மண்ணைத் தொடக் கூடாது. முதல் ஒரு அடி ஆழம் வரை வேர், இலைமக்கு எல்லாம் இருக்கும். அது சிமெண்ட் இறுகுவதைக் கெடுக்கும். அதோடு, அது பயிருக்கு வேண்டிய மண். கைப்பிடி மண்ணை நனைத்து முகர்ந்து பார்த்தால் மக்கு வாசனை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நாங்கள் எடுத்தது கிணற்றுக் குழியில் ஐந்தடிக்குக் கீழிருந்து வந்த மண். வாசனை இல்லை, காய்ந்த மேற்பரப்பில் உப்புப் பூத்த வெள்ளையும் இல்லை.

அப்புறம் பாட்டில் சோதனை. பக்கங்கள் நேராக உள்ள கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி குலுக்கி வைத்துவிட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். அந்த மட்டத்தில் பேனாவால் கோடு போட்டுவிடலாம். அரை மணி நேரத்துக்குள் அதன் மேல் படிவது வண்டல். அதற்கு மேலே ஒரு நாள் முழுக்க மெல்ல இறங்குவது களி. வயலிலேயே செய்யக்கூடிய சோதனை இது. ஆனால் களி தண்ணீரில் ஊறி உப்பி நிற்பதால், கோடு காட்டும் அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். மண்ணைத் தேர்ந்தெடுக்க இது போதும், அறிக்கையில் எண்ணாக எழுதப் போதாது. எண்ணுக்கு ஐ.எஸ். 2720 நான்காம் பகுதியில் உள்ள சல்லடை, ஹைட்ரோமீட்டர் சோதனைதான் வேண்டும். அதில் எங்கள் மண்ணில் களி 28 சதவீதம் வந்தது.

இது அதிகம். களி ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும்; கொஞ்சம் சிமெண்ட் அந்த இழுபறியைத் தாங்காது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1970களிலிருந்து இந்த மண் பிளாக்குகளை ஆராய்ந்தவர்கள், சிமெண்ட் சேர்த்த பிளாக்குக்குக் களி 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்று கண்டிருக்கிறார்கள். களியே இல்லாவிட்டாலும் சரிவராது. அச்சிலிருந்து வெளியே எடுக்கும்போது பச்சைக் கல் உதிர்ந்துவிடும். எங்கள் கணக்கு எளிது. கிரஷர் தூளில் மாவு போன்ற நுண்துகள் உண்டு, ஆனால் அது கல்பொடி, களி இல்லை. செம்மண்ணும் தூளும் எடையில் பாதிக்குப் பாதி என்றால் 28 என்பது 14 ஆகிறது.

கலவை சரிதானா என்று பார்க்க இன்னொரு பழைய வழி இருக்கிறது. அதை மாணவர்கள் யாரும் பாடத்தில் படித்திருக்கவில்லை. உள்ளளவு 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம் உள்ள ஒரு மரப்பெட்டி. உள்ளே எண்ணெய் தடவி, நன்றாகப் பிசைந்த ஈர மண்ணை மூலைவரை அழுத்தி நிரப்பி, மேலே தட்டையாக வழித்துவிட வேண்டும். சில நாள் வெயிலில் காய்ந்த பிறகு மண்கட்டியை ஒரு முனைக்குத் தள்ளி, மறுமுனையில் எவ்வளவு இடைவெளி விழுந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். நடுவில் வெடிப்பு இருந்தால் அதையும் சேர்த்துத் தள்ளி அளக்க வேண்டும். கொலம்பியாவில் 1950களில் வந்த சின்வா-ராம் என்ற கைப் பிரஸ்ஸோடு பரவிய கணக்கு இது: சுருக்கம் 15 மி.மீ.க்குள் இருந்தால் கன அளவில் 18 பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சிமெண்ட், 30 வரை 16 பங்குக்கு ஒன்று, 45 வரை 14 பங்குக்கு ஒன்று, 60 வரை 12 பங்குக்கு ஒன்று.

எங்கள் வெறும் செம்மண் 40 மி.மீ. சுருங்கியது, நடுவில் இரண்டு இடத்தில் குறுக்கே வெடித்தும் இருந்தது. பாதிக்குப் பாதி கலவை 18 மி.மீ.தான் சுருங்கியது, வெடிப்பே இல்லை. அதாவது 16க்கு 1. தளர்வாகக் கொட்டிய சிமெண்டின் எடை, மண்ணின் எடை இரண்டையும் வைத்து அந்தக் கன அளவை எடையாக மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 7 சதவீதம் வருகிறது. எல்லாக் கல்லுக்கும் சிமெண்டை அந்த 7 சதவீதத்திலேயே நிறுத்திவிட்டோம். பெட்டி சொன்னபடி வெறும் செம்மண்ணுக்குக் கூடுதல் சிமெண்ட் கொடுத்திருந்தால் கேள்வியே மாறிப்போயிருக்கும்.

அடுத்தது பிரஸ். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமானால் இதை வையுங்கள். கைப் பிரஸ்ஸில் நெம்புகோலை முழுதாக இறக்கினால் அடித்தட்டு எப்போதும் ஒரே உயரத்துக்குத்தான் ஏறும். ஆகக் கல்லின் கன அளவு மாறுவதே இல்லை. அப்படியானால் கல்லின் அடர்த்தியை முடிவு செய்வது இழுக்கிறவரின் தோள்பலம் இல்லை; அச்சுக்குள் எத்தனை கிலோ கலவை போட்டோம் என்பதுதான். பல ஆய்வுக்கூடங்களில் மண்வெட்டியால் அள்ளி, அச்சு நிறைந்ததும் மூடிவிடுகிறார்கள். ஒரு கல்லில் கலவை கூடும், அடுத்ததில் குறையும். பிறகு வலிமை மேலும் கீழுமாக வந்தால் மண்ணைக் குறை சொல்கிறார்கள்.

எங்கள் அச்சின் அளவு 230 × 190 × 100 மி.மீ. கன அளவு 4,370 க.செ.மீ. உலர் அடர்த்தி ஒரு க.செ.மீ.க்கு 1.8 கிராம் வேண்டும் என்று வைத்தோம். அப்படியானால் ஒரு கல்லில் உலர்ந்த பொருள் 7.87 கிலோ இருக்க வேண்டும். ஈரம் 10 சதவீதம் சேர்த்தால் 8.65 கிலோ. ஒவ்வொரு கல்லுக்கும் இந்த எடையைத் தராசில் நிறுத்து ஒரு வாளியில் எடுத்துத்தான் அச்சில் கொட்டினோம். கொட்டிய பிறகு நான்கு மூலைகளிலும் விரலால் அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கல்லின் நடு இறுகி, மூலை பொக்கென்று இருக்கும்.

பத்துக் கல்லுக்கான ஒரு கலவையை எழுதுகிறேன். இதே முறையில் உங்கள் மண்ணுக்கும் போட்டுக்கொள்ளலாம். உலர்ந்த கணக்கில் செம்மண் 40 கிலோ, கிரஷர் தூள் 40 கிலோ, மொத்தம் 80. அதில் 7 சதவீதம் சிமெண்ட், 5.6 கிலோ. மொத்த உலர் எடை 85.6 கிலோ. தண்ணீர் அதில் 10 சதவீதம், 8.6 லிட்டர். ஆனால் குவியலில் கிடந்த செம்மண் முழுக்கக் காய்ந்தது இல்லை. அடுப்பில் உலர்த்திப் பார்த்ததில் 4 சதவீதம் ஈரம் இருந்தது. ஆகவே 40 கிலோ உலர் மண் வேண்டுமென்றால் 41.6 கிலோ நிறுக்க வேண்டும். அந்த 1.6 கிலோ தண்ணீர்தான். அதைக் கழித்து 7 லிட்டர் மட்டும் சேர்த்தோம். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் 8.6 லிட்டரும் ஊற்றினால் ஈரம் 12 சதவீதத்தை நெருங்கிவிடும். கல் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கலப்பதற்கு முன் மண்ணை உடைத்து 5 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும். அலுப்பான வேலை. பாதி நேரம் இதற்கே போகும். ஆனால் இதில் விட்டதை வேறு எங்கேயும் பிடிக்க முடியாது. பட்டாணி அளவுக் களிக்கட்டி ஒன்று கல்லுக்குள் போய்விட்டால் சிமெண்ட் அதற்குள் நுழையாது. கல் காய்ந்திருக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. தண்ணீரில் ஊறியதும் அந்தக் கட்டி கரைந்து, அந்த இடத்தில் குழி விழும். உடைந்த கல்லின் முகத்தில் கருஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவது இந்தக் கட்டிகள்தான்.

முதலில் மண், தூள், சிமெண்ட் மூன்றையும் உலர்ந்தபடியே ஒரே நிறம் வரும்வரை புரட்ட வேண்டும். பிறகு பூவாளியால் தண்ணீர் தெளித்து மறுபடி புரட்டி, கையால் தேய்த்து உருண்டைகளை உடைக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க, கலவையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து இடுப்புயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுவோம். நான்கைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது. சப்பையாக அப்படியே கிடந்தால் ஈரம் அதிகம். எங்களோடு இருந்த மேஸ்திரி இந்தச் சோதனையே செய்ய மாட்டார். கலவையைக் கையில் எடுத்துப் பிசைந்துவிட்டு, "தம்பி, இது கையில கறை வைக்குது, இன்னும் ரெண்டு வாளி தூளு புரட்டு" என்பார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கும். ஆனால் தூளைக் கூட்டினால் விகிதம் மாறிவிடுமே, அதனால் அந்த ஈரக் கலவையை ஒதுக்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. வீடு கட்டும்போது அவர் வழி. ஆய்வுக்கூடத்தில் தராசு வழி.

தண்ணீர் பட்டதும் சிமெண்ட் வேலையைத் தொடங்கிவிடும். அரை மணி நேரத்துக்குள் அத்தனை கல்லையும் அமுக்கி முடித்துவிட வேண்டும். பத்துக் கல்லுக்கு மேல் ஒரு தடவையில் கலக்காததற்கு இதுதான் காரணம். சிமெண்ட் ஏற்கெனவே இறுகத் தொடங்கிய கலவையை அமுக்கினால் உருவான பிணைப்பை நாமே உடைத்தது போல ஆகும். அந்தக் கல் பார்க்க மற்றவை போலவே இருக்கும், வலிமையில் பின்தங்கும்.

அச்சிலிருந்து வெளியே வரும் பச்சைக் கல்லே தன் குறையைச் சொல்லிவிடும். விளிம்பும் மூலையும் உதிர்ந்தால் ஈரம் குறைவு, அல்லது களி போதவில்லை. பக்கவாட்டில் படுக்கையாக, ஏடு ஏடாகக் கோடு தெரிந்தால் ஈரமும் கலவையும் அச்சுக்கு மிஞ்சிவிட்டன. உள்ளே மாட்டிய காற்றும் நீரும் விடுபடும்போது கல் அடுக்காகப் பிரிகிறது. தட்டில் ஒட்டி மேல்தோல் உரிந்தால் ஈரம் அதிகம், அல்லது தட்டைத் துடைத்து எண்ணெய் தடவவில்லை. நெம்புகோல் சுலபமாக இறங்கிவிட்டால் கலவை குறைவு. அந்தக் கல்லைத் திரும்ப உதிர்த்து, நிறுத்து, உடனே அமுக்கிவிடலாம்.

வெறும் செம்மண்ணில் செய்த கற்களுக்கு 10 சதவீத ஈரம் போதவில்லை. 13 சதவீதம் வரை தேவைப்பட்டது. அப்போதும் அதே அடர்த்திக்குக் கொண்டுவர இரண்டு பேர் நெம்புகோலில் தொங்க வேண்டியிருந்தது. கிரஷர் தூள் சேர்த்த கலவையை ஒரே ஆள் இறக்கினார். நாள் முழுக்கக் கல் அடிக்கப்போகிற கூலியாளுக்கு இந்த வேறுபாடு பெரியது. அறிக்கையில் இதற்கென்று ஒரு பத்தி எழுதச் சொன்னேன்.

அமுக்கிய கற்களை நிழலில் அடுக்கி, இரண்டு நாள் தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி வைத்தோம். பிறகு சாக்குப் போட்டு, நான்கு வாரம் முடிகிறவரை ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்தோம். செங்கல்லை வெயிலில் காயவைத்துப் பழகியவர்களுக்கு இது புதிது. இந்தக் கல் காய்வதால் இறுகுவதில்லை. ஈரத்தில் சிமெண்ட் வேலை செய்வதால் இறுகுகிறது. முதல் வாரத்தில் காயவிட்ட கல்லின் விளிம்பை நகத்தால் கீறினால் பொடி வரும்.

28ஆம் நாள் சோதனை. மண் பிளாக்கை உலர்ந்த நிலையில் உடைத்துக் கிடைக்கும் எண்ணை நம்பவே கூடாது. சிமெண்டே இல்லாத வெறும் மண்கட்டிகூட நன்றாகக் காய்ந்திருந்தால் கணிசமான பாரம் தாங்கும். தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். ஆகவே ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, வெளியே எடுத்து ஈரத்தைத் துடைத்து, மேலும் கீழும் 3 மி.மீ. பிளைவுட் வைத்து அமுக்கினோம். பாரம் தாங்கும் முகம் 230 × 190, அதாவது 43,700 ச.மி.மீ. மண் பிளாக்குக்கான ஐ.எஸ். 1725இல் சொல்லப்படும் ஈர வலிமை ஒரு ச.மி.மீ.க்கு 3.5 நியூட்டன் என்றால், இந்தக் கல் 153 கிலோ நியூட்டன் பாரம் தாங்க வேண்டும். மெஷினின் முள் அந்த இடத்தைத் தாண்டுகிறதா என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெறும் செம்மண், 7 சதவீத சிமெண்ட்: சராசரி ஏறக்குறைய 2 நியூட்டன். பாதிக்குப் பாதி கிரஷர் தூள், அதே சிமெண்ட், அதே அடர்த்தி: 4.2. இரண்டு மடங்கு. சிமெண்ட் ஒரு பிடிகூடக் கூடவில்லை. மூன்றாவதாக, நான் கேட்டுக்கொண்டதற்காக, அதே நல்ல கலவையில் ஒரு தொகுதி கற்களை 8.65க்குப் பதில் 8.17 கிலோ போட்டு அமுக்கினார்கள். அடர்த்தி 1.8இலிருந்து 1.7க்கு இறங்கியது. அரைக் கிலோவுக்கும் குறைவான வித்தியாசம். கையில் தூக்கிப் பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கற்களின் சராசரி 2.9தான் வந்தது; 3.5ஐத் தொடவில்லை. கண் அளவில் மண் அள்ளிப் போட்டிருந்தால் இந்த வித்தியாசம் எல்லாக் கல்லிலும் சிதறி, கிரஷர் தூளால் வந்த பலனையே மறைத்திருக்கும்.

இந்த எண்களை வேறு அளவுக் கல்லோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது என்றும் மாணவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் கல் அகலமானது, உயரம் 100 மி.மீ.தான். மெஷினின் இரும்புத் தட்டு மேலும் கீழும் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் குட்டையான கல் கொஞ்சம் கூடுதல் வலிமை காட்டும். அதே கலவையில் உயரமான கல் செய்தால் எண் குறையும். சுவர் எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டுமானால் ஐந்து கல்லைச் சாந்து வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, அந்தத் தூணை உடைத்துப் பார்க்க வேண்டும். கல்லின் வலிமையில் ஒரு பகுதிதான் சுவருக்கு வரும்.

மழைக்குத் தாங்குமா என்பதற்கு நனைத்து உலர்த்தும் சோதனை உண்டு. கல்லை நனைத்து, அடுப்பில் உலர்த்தி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடை பார்ப்பது. இதை 12 முறை செய்ய வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். நான்கு வாரம் நனைத்த பிறகு இந்தச் சோதனைக்கு மட்டும் இன்னொரு மாதம் போய்விடும் என்பதை முதல் நாளே நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். பல புராஜெக்ட்டுகளில் இந்தப் பக்கம் காலியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

செலவுக் கணக்கை ரூபாயில் எழுதினால் அடுத்த வருடமே பழசாகிவிடும், ஆகவே சிமெண்டில் எழுதினோம். ஒரு கல்லில் 7.87 கிலோ உலர் பொருள். அதில் சிமெண்ட் அரைக் கிலோவுக்குச் சற்றே மேல். ஒரு 50 கிலோ மூட்டையில் 97 கல் வரும். எங்கள் பக்கத்துச் செங்கல் 230 × 110 × 75 என்று வைத்தால் ஒரு பிளாக் கன அளவில் 2.3 செங்கல்லுக்குச் சமம். ஆக ஒரு மூட்டை சிமெண்டில், சூளையில் விறகு எரிக்காமல், 220 செங்கல் நிற்கிற இடத்தை நிரப்பலாம். செம்மண்ணுக்கு விலையில்லை, தூளுக்கும் அதன் வண்டி வாடகைக்கும் உண்டு. குவாரி இருக்கும் தூரம்தான் இந்தக் கல் மலிவா இல்லையா என்று முடிவு செய்யும். குவாரி தொலைவில் உள்ள ஊர்களில் கிரஷர் தூளுக்குப் பதில் வேறு எதைச் சேர்க்கலாம் என்பதே தனி புராஜெக்ட்.

அங்கேதான் ஃபிளை ஆஷ் வருகிறது. அடுத்த குழு கிரஷர் தூளில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் சாம்பலைப் போட்டது: 80 கிலோவில் செம்மண் 40, தூள் 24, சாம்பல் 16. அவர்கள் முதலில் முட்டிக்கொண்டது பிரஸ்ஸில். அதே 8.65 கிலோவை அச்சில் போட்டால் நெம்புகோல் இறங்கவே இல்லை. சாம்பல் துகள் இலேசானது. அதன் ஒப்படர்த்தி ஏறக்குறைய 2.15, கல்தூளுடையது 2.65. ஒரே எடைக்குச் சாம்பல் அதிக இடம் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தக் கலவைக்கு 1.72 அடர்த்திதான் பழைய கலவையின் 1.8க்குச் சமமான இறுக்கம். ஆகவே ஒரு கல்லுக்கு 8.27 கிலோ என்று குறைத்தார்கள். எடையைக் குறைத்ததை அறிக்கையில் மறைக்காமல் எழுத வேண்டும்.

சாம்பல் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுத வேண்டும். தூத்துக்குடி, மேட்டூர் அனல்மின் நிலையங்களில் எரிவது நிலக்கரி. அந்தச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து குறைவு. தானாக இறுகாது, சிமெண்டிலிருந்தோ நாம் சேர்க்கும் சுண்ணாம்பிலிருந்தோ துணை வேண்டும். நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. அந்தச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல், தண்ணீர் பட்டால் ஓரளவு தானே இறுகும். இரண்டையும் 'ஃபிளை ஆஷ்' என்று ஒரே பெயரில் எழுதிவிட்டால் அடுத்து வருகிற மாணவர் அதே முடிவைத் திரும்பப் பெற முடியாது. சிமெண்டும் அப்படித்தான். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பி.பி.சி. மூட்டையில் ஏற்கெனவே சாம்பல் கலந்திருக்கிறது. சாம்பலின் பலனை அளக்கிற புராஜெக்ட்டுக்குச் சாம்பல் கலக்காத ஓ.பி.சி. தேடி வாங்க வேண்டும்.

நிலக்கரிச் சாம்பல் சேர்த்த கற்கள் 28ஆம் நாளில் தூள் கற்களைவிடக் குறைவாகவே காட்டின. நீற்றிய சுண்ணாம்பு 3 சதவீதம் கூடுதலாகச் சேர்த்த கற்களும் அன்றைக்குப் பெரிதாக ஏறவில்லை. ஆனால் அவற்றில் சிலவற்றை ஒதுக்கி 90 நாள் வரை ஈரத்தில் வைத்திருந்து உடைத்தபோது தூள் கற்களின் 28 நாள் வலிமையைத் தொட்டன. சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்து வேலை செய்வது மெதுவான வேலை. ஒரு செமஸ்டருக்குள் 28 நாள் எண்ணை மட்டும் பார்த்துச் சாம்பல் உதவாது என்று எழுதுவது தவறான முடிவு. ஆகச் சாம்பல் புராஜெக்ட் எடுப்பவர்கள் ஏழாவது செமஸ்டரிலேயே கல் அடித்துவிட வேண்டும். சாம்பலையும் சுண்ணாம்பையும் சலிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து.

மிச்சமிருந்த நல்ல கற்களை வைத்து ஆய்வுக்கூடத்தின் பின்புறம் இடுப்புயரச் சுவர் ஒன்று கட்டினோம். அடியில் ஒன்றரை அடி கருங்கல் கட்டு. மழைநீர் தரையில் விழுந்து தெறிக்கிற உயரம் அது, மண் பிளாக் அங்கே இருக்கக் கூடாது. சாந்து சிமெண்ட் ஒன்று, சலித்த செம்மண் ஒன்று, மணல் ஆறு. கெட்டியான சிமெண்ட் சாந்துதான் பலம் என்று மேஸ்திரி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கல்லைவிடக் கடினமான சாந்து வைத்தால், சுருங்கும்போது வெடிப்பு சாந்தில் போகாமல் கல்லில் போகும். செம்மண் சேர்த்த சாந்து கரண்டியில் வழுவழுப்பாக நின்றதைப் பார்த்ததும், "வேலைக்கு இது நல்லாத்தான் இருக்கு சார்" என்று அவரே மீதிச் சுவரை முடித்தார். வைக்கும் முன் கல்லைத் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சாந்தின் நீரை உறிஞ்சிவிடும்.

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் தங்கள் ஊர்க் கரிசல் மண்ணில் இதைச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். கரிசலின் களி வேறு வகை, மிக அதிகமாக விரிந்து சுருங்கும். பாதிக்குப் பாதி தூள் போட்டாலும் சிமெண்டுக்கு அது அடங்காது. அங்கே கேள்வியைச் சுண்ணாம்பிலிருந்து தொடங்க வேண்டும்: எத்தனை சதவீதச் சுண்ணாம்பில், எத்தனை நாளில், சுருக்கப் பெட்டியின் இடைவெளி எவ்வளவு குறைகிறது? இதற்குப் பிரஸ்கூட வேண்டாம்; மரப்பெட்டியும் நல்ல சுண்ணாம்பும் போதும்.

மூங்கிலை எடுக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கம்பிக்குப் பதில் மூங்கில் போட்ட கான்கிரீட் உத்தரம் என்றுதான் வருகிறார்கள். அதில் முதலில் தோற்பது மூங்கிலின் பலம் இல்லை, பிடிப்பு. பச்சைக் கான்கிரீட்டின் நீரைக் குடித்து மூங்கில் உப்புகிறது. பிறகு காய்ந்து சுருங்கும்போது கான்கிரீட்டிலிருந்து விலகி, சுற்றிலும் இடைவெளி விடுகிறது. உத்தரம் வார்த்து உடைப்பதைவிட, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்திய கல் மூங்கில் பட்டைகளைச் சிறு கான்கிரீட் உருளைகளில் பதித்து வெளியே இழுத்துப் பார்க்கலாம். ஒன்று பூச்சில்லாதது, ஒன்று தார் பூசி மணல் தூவியது, ஒன்று எபாக்ஸி பூசி மணல் தூவியது. எந்தப் பாரத்தில் பட்டை வழுக்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். இழுக்கும் மெஷின் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. உருளையைப் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புச் சட்டம் மட்டும் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.